செக் உங்கள் பெயரில், பணம் வேறொருவர் கணக்கில்: வங்கிக்கு எழுத வேண்டிய கடிதம்

தையல் கடை நடத்தும் ஒரு பெண்மணியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சீட்டு எடுத்த பணம் 1,86,400 ரூபாய்க்கு சீட்டு நிறுவனம் அவர் பெயரில் செக் கொடுக்கிறது. ஜூன் 8ஆம் தேதி தன் வங்கிக் கிளையில் சலான் எழுதி, கவுன்டரில் கொடுத்து, முத்திரை போட்ட கவுன்டர்ஃபாயிலை வாங்கிக்கொண்டு வருகிறார். சலானில் கணக்கு எண் சரியாகத்தான் இருக்கிறது. பத்து நாள் கழித்து பாஸ்புக்கில் என்ட்ரி போட்டால் பணம் வரவில்லை. வண்டிக் கடனுக்கான தவணை மட்டும் பணமில்லாமல் திரும்பி, அதற்கு அபராதம் 590 ரூபாய் பிடித்திருக்கிறார்கள்.

சீட்டு நிறுவனத்துக்கு போன் செய்தால், "9ஆம் தேதியே எங்க கணக்குல பணம் போயிடுச்சும்மா" என்கிறார்கள். கிளையில் கேட்டால், "உங்க கணக்குல ஒண்ணும் வரலையே, செக் கொடுத்தவங்ககிட்ட கேளுங்க" என்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல்வது உண்மை. செக் பாஸாகிவிட்டது. ஆனால் அதே கிளையில் அதே பெயர், அதே இனிஷியலோடு இருக்கும் இன்னொரு வாடிக்கையாளரின் கணக்கில் பணம் விழுந்திருக்கிறது.

நம் ஊரில் இது நடக்க வழி அதிகம். ஓர் எழுத்து இனிஷியல், அதன் பின்னால் ஒரு பெயர் என்றுதான் நாம் எழுதுகிறோம். ஒரு நடுத்தரக் கிளையில்கூட ஒரே இனிஷியலும் பெயரும் உள்ள கணக்குகள் பல இருக்கும். ஊழியர் கணக்கு எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் மாறினாலோ, எண்ணைத் தட்டாமல் பெயரை வைத்துத் தேடி முதலில் வந்த கணக்கைத் தேர்ந்தெடுத்தாலோ, திரையில் தெரியும் பெயர் செக்கில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறது. அதனால் அவருக்குச் சந்தேகம் வருவதில்லை. சரிபார்க்கும் அதிகாரியும் பெயரைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடுகிறார். பெயரே ஒத்துப்போகாத கணக்கில் விழுவதும் உண்டு. அது இன்னும் மோசமான கவனக்குறைவு.

இந்த நிலையில் வாடிக்கையாளர் அலையும் அலைச்சலில் பாதி, யாரிடம் போவது என்று தெரியாததால் வருவது. செக் கொடுத்தவரிடம் போய் வேறு செக் கேட்பதில் பயனில்லை. அவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. இனி ‘ஸ்டாப் பேமென்ட்’டும் கொடுக்க முடியாது. அவருடைய வங்கிக்குப் போவதும் வீண். அந்த வங்கி தன் வாடிக்கையாளரின் கையெழுத்தையும் இருப்பையும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டது. செக்கை உங்களுக்காக வசூலித்துத் தரும் பொறுப்பை ஏற்றது உங்கள் வங்கி. வந்த பணத்தை இன்னொரு கணக்கில் போட்டதும் அதுதான். எனவே கடிதம் போக வேண்டிய இடம் உங்கள் வங்கி ஒன்றுதான். கணக்கு ஒரு கிளையில் இருந்து, செக்கை வேறு கிளையில் போட்டிருந்தால், கணக்கு உள்ள கிளைக்குக் கடிதத்தையும் மற்றதற்கு நகலையும் கொடுங்கள். "அது அந்த பிராஞ்ச் தப்பு" என்ற பதிலை ஏற்க வேண்டாம். உங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வங்கி.

கடிதம் எழுதும் முன் ஒரே ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்: செக் கொடுத்தவர் கணக்கில் பணம் எந்தத் தேதியில் கழிந்தது? அவருடைய ஸ்டேட்மென்ட்டில் செக் எண்ணோடு அந்த வரி இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மற்ற வரிகளை அவர் மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் போதும். பணம் கழியவே இல்லையென்றால் செக் இன்னும் உங்கள் கிளையிலேயே தூங்குகிறது, அல்லது தொலைந்துவிட்டது, அல்லது திரும்பிவிட்டது. அது வேறு கதை. கழிந்திருந்தால், வங்கிக்குப் பணம் வந்து சேர்ந்தது என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை.

முடிந்தால் அவர் மூலமாகவே இன்னொன்றையும் கேளுங்கள். இப்போது செக் காகிதமாக ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போவதில்லை. சிடிஎஸ் என்ற முறையில் செக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து அனுப்பப்படுகின்றன. சென்னையில் இது 2011இலேயே வந்துவிட்டது. பாஸான செக்கின் படத்தை, செக் கொடுத்தவர் தன் வங்கியிடம் கேட்டுப் பெறலாம். மூலச் செக் உங்கள் வங்கியிடமே இருக்கும். அதைப் பத்து ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டியது அந்த வங்கியின் கடமை. பின்பக்கப் படத்தில்தான் பல நேரம் முடிச்சு அவிழும். நீங்கள் எழுதிய கணக்கு எண், வங்கி முத்திரை, சில சமயம் ஊழியர் பேனாவால் திருத்திய எண் எல்லாம் அங்கே இருக்கும். முன்பக்கத்தில் பெயர் அழித்துத் திருத்தப்பட்டிருப்பது தெரிந்தால், அது வங்கியின் பிழை அல்ல, செக் திருட்டு. அப்போது காவல்துறைப் புகாரும் சேர்ந்தே போக வேண்டும்.

இனி கடிதத்தின் அடித்தளத்துக்கு வருவோம். நெஃப்ட் போன்ற மின்னணுப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வங்கி பணத்தை வரவு வைக்கலாம். எண்ணைத் தப்பாக அடித்தால் அனுப்பியவரின் பாடு. இது பலருக்குத் தெரியும். தெரிந்ததாலேயே செக்குக்கும் அதே விதிதான் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். செக்குக்கு விதி வேறு. இடது மேல்மூலையில் இரட்டைக் கோடு போட்டு ‘அக்கவுன்ட் பேயீ’ என்று எழுதப்பட்ட செக்கை, அதில் பெயர் உள்ளவரைத் தவிர வேறு யார் கணக்கிலும் வரவு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தடை போட்டிருக்கிறது. அதாவது இங்கே பெயர்தான் தலைமை. பெயருக்கு உரியவர் யார் என்று பார்ப்பது செக்கை வாங்கிய வங்கியின் வேலை. ஒரே பெயரில் இருவர் இருந்தால் சலானில் உள்ள எண் அதைத் தெளிவாக்குகிறது. பெயரும் எண்ணும் சரியாக எழுதிக் கொடுத்த பிறகு உங்கள் பக்கம் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. சலானில் நீங்களே எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் வழக்கு கொஞ்சம் பலவீனப்படும். அப்போதும் பெயர் ஒத்துப்போகாத கணக்கில் போட்டதற்கு வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

கிளையில் அநேகமாகக் கேட்கக்கூடிய வாசகம் இது: "அந்த கஸ்டமர் பணத்தை எடுத்துட்டாரும்மா. நாங்க பேசிட்டிருக்கோம். அவர் கட்டினதும் உங்களுக்குப் போட்டுடறோம்." மேலாளர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனாலும் இதற்குத் தலையாட்டக் கூடாது. நீங்கள் கொடுத்த செக்கின் பணம் வங்கியின் கைக்கு வந்துவிட்டது. அதை உங்களிடம் சேர்ப்பது, இன்னொருவர் திருப்பிக் கட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல. வங்கி தன் உள்கணக்கிலிருந்து எடுத்து உங்களுக்கு வரவு வைத்துவிட்டு, அந்த வாடிக்கையாளரிடம் தன் பாட்டை தானே பார்த்துக்கொள்ளலாம். தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தாக வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு சொல்கிறது. அதை வைத்து வசூலிப்பது வங்கியின் வேலை. உங்கள் வேலை அல்ல. பணம் போன நபரின் பெயரையோ முகவரியையோ வங்கி உங்களுக்குத் தராது. தரவும் கூடாது. தெரிந்துகொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கவும் வேண்டாம். அது சண்டையில்தான் முடியும்.

நேரில் சொல்லிவிட்டு வருவதும், கஸ்டமர் கேருக்கு போன் செய்வதும் போதாது. வாயால் சொன்னதற்குத் தேதி கிடையாது. பின்னால் ஒவ்வொரு படியிலும் ‘எப்போது புகார் கொடுத்தீர்கள்’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கோபத்தையும், நீங்கள் எத்தனை வருட வாடிக்கையாளர் என்பதையும், வீட்டுக் கஷ்டத்தையும் அதில் கொட்டத் தோன்றும். அது நியாயமான கோபம்தான். ஆனால் கடிதத்தைப் படிக்கப்போகும் அதிகாரி தேடுவது தேதி, செக் எண், தொகை, கணக்கு எண் ஆகியவற்றைத்தான். அவை முதல் சில வரிகளிலேயே கண்ணில் பட வேண்டும். ‘மோசடி’, ‘கூட்டுச் சதி’ போன்ற சொற்களையும் தவிர்ப்பது நல்லது. உங்களிடம் ஆதாரம் இருப்பது பிழைக்குத்தான். ஆதாரமில்லாத குற்றச்சாட்டைப் பிடித்துக்கொண்டு மறுப்பு எழுத அவர்களுக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது.

நம் உதாரணப் பெண்மணியின் கடிதம் இப்படி இருக்கலாம்:

பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளையின் பெயர்)
பொருள்: என் செக் தொகை ரூ.1,86,400 வேறு கணக்கில் தவறாக வரவு வைக்கப்பட்டதைத் திருத்தக் கோருதல்
சேமிப்புக் கணக்கு எண்: ……………

ஐயா,

என் பெயருக்கு ‘அக்கவுன்ட் பேயீ’ எனக் கோடிடப்பட்டு வழங்கப்பட்ட, …… வங்கியின் …… எண்ணுள்ள, ஜூன் 5ஆம் தேதியிட்ட ரூ.1,86,400க்கான செக்கை, ஜூன் 8 அன்று தங்கள் கிளைக் கவுன்டரில் மேற்கண்ட கணக்கில் வரவு வைக்கக் கொடுத்தேன். முத்திரையிட்ட கவுன்டர்ஃபாயிலின் நகல் இணைப்பு 1.

அந்தச் செக் ஜூன் 9 அன்று பாஸாகி, கொடுத்தவரின் கணக்கில் தொகை கழிக்கப்பட்டுவிட்டது. அவருடைய கணக்கு அறிக்கையின் நகல் இணைப்பு 2. என் கணக்கில் இன்றுவரை அத்தொகை வரவில்லை. பாஸ்புக் நகல் இணைப்பு 3. தொகை வேறொரு வாடிக்கையாளரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாக ஜூன் 19 அன்று தங்கள் கிளையில் வாய்மொழியாகத் தெரிவித்தார்கள்.

செக்கிலும் சலானிலும் என் பெயரும் கணக்கு எண்ணும் சரியாக உள்ளன. பிழை வங்கியுடையது. எனவே,

ரூ.1,86,400ஐ ஜூன் 9ஐ மதிப்பு தேதியாகக் கொண்டு என் கணக்கில் உடனே வரவு வைக்கவும். தாமதத்துக்குத் தங்கள் செக் வசூல் கொள்கை மற்றும் இழப்பீட்டுக் கொள்கையின்படி உரிய தொகையை வழங்கவும். இப்பணம் வராததால் ஜூன் 15 அன்று தவணை திரும்பியதற்குப் பிடிக்கப்பட்ட ரூ.590ஐத் திருப்பித் தரவும். எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கவும் கோருகிறேன்.

வேறொருவரிடமிருந்து தொகையை வசூலிப்பது வங்கிக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். அதைக் காரணமாக வைத்து என் பணத்தைத் தாமதப்படுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தைப் புகாராகப் பதிவு செய்து புகார் எண்ணை வழங்கவும்.

கடிதம் இவ்வளவுதான். இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ‘வாய்மொழியாகத் தெரிவித்தார்கள்’ என்ற வரி முக்கியம். வங்கி தன் பிழையை எழுத்தில் ஒப்புக்கொள்ளத் தயங்கும். நீங்கள் தேதியோடு எழுதி அதை அவர்கள் மறுக்காமல் விட்டால், அதுவே பின்னால் துணைக்கு வரும். அப்படி யாரும் சொல்லவில்லையென்றால் அந்த வரியை எழுதாதீர்கள். "தொகை எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதைச் சரிபார்த்துத் திருத்தவும்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மதிப்பு தேதி. வங்கியில் ‘வேல்யூ டேட்’ என்பார்கள். ஜூலை 19ஆம் தேதி பணத்தைப் போட்டாலும், ஜூன் 9ஆம் தேதியே வந்ததாகக் கணக்கிட்டு வட்டி தருவது அது. சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரல் முதல் அன்றாட இருப்பின் மேல் வட்டி கணக்கிடப்படுகிறது. அதனால் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு உண்டு. ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்தால் நாற்பது நாளுக்கு நம் பெண்மணிக்கு வரும் வட்டி சுமார் 511 ரூபாய். சிறிய தொகைதான். அதனால்தான் உண்மையான இழப்பைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. திரும்பிய தவணைக்கு அபராதம், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பிடித்த தொகை, இந்தப் பணத்தை நம்பியிருந்து கைக்கு வராததால் வைத்த நகைக்கடனின் வட்டி என ரசீது காட்ட முடிந்ததையெல்லாம் எழுதுங்கள். தாமதத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் செக் வசூல் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது. அது வங்கியின் இணையதளத்தில் இருக்கும், கிளையிலும் கேட்கலாம். அந்தக் கொள்கையின் பெயரைக் கடிதத்தில் குறிப்பிட்டாலே, எழுதியவர் விவரம் அறிந்தவர் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை, தேதி, சிறுகையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூலக் கவுன்டர்ஃபாயிலை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். கிளையில் கடிதத்தை வாங்க மறுத்தால் விவாதம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தபாலில், பட்டுவாடா ஆனதற்குச் சான்று கிடைக்கும் வகையில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை ஸ்கேன் செய்து வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும், வட்டார அளவிலான நோடல் அதிகாரிக்கும் அனுப்புங்கள். அவர்களின் முகவரி கிளைச் சுவரில் ஒட்டியிருக்கும், இணையதளத்திலும் இருக்கும்.

தாமதிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. தவறான கணக்கில் பணம் இருக்கும்வரை வங்கி அதை நிறுத்தி வைத்து ஒரே நாளில் சரிசெய்துவிடும். எடுத்துச் செலவழித்துவிட்டால் கிளை மேலாளர் மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும், யார் தவறு என்று விளக்கம் எழுத வேண்டும். உங்கள் உரிமை அப்போதும் மாறாது, ஆனால் கோப்பு மெதுவாக நகரும்.

பணம் கிடைக்கும் நேரத்தில் சில இடங்களில் ஒரு தாளை நீட்டி, ‘என் புகார் முழுமையாகத் தீர்ந்தது, இனி கோரிக்கை ஏதுமில்லை’ என்று கையெழுத்து கேட்பதுண்டு. அசல் மட்டும் வந்து, வட்டியும் அபராதமும் வராத நிலையில் அதில் கையெழுத்திட வேண்டாம். ‘அசல் ரூ.1,86,400 மட்டும் பெற்றேன், மற்ற கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். சிக்கல் தீராமலே ‘உங்கள் புகார் முடிக்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்தால், அன்றே அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு, தீரவில்லை என்று பதில் எழுதிவிடுங்கள்.

கடிதம் சேர்ந்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். எல்லா வகைக் குறைகளுக்கும் ஒரே இடமாக 2021 நவம்பரில் இந்த ஏற்பாடு ஒருங்கிணைக்கப்பட்டது. cms.rbi.org.in என்ற தளத்தில் புகாரைப் பதியலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டாம். தளத்தைக் கையாளத் தெரியாதவர்கள் 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இங்கே புகார்கள் எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடியாக ஒரு முக்கியக் காரணம், முதலில் வங்கிக்கு எழுதியதற்குச் சான்று இல்லாததும், எழுதி 30 நாள் முடிவதற்குள் ஓடிவருவதும்தான். அந்த முத்திரையிட்ட பிரதியின் அருமை இங்கேதான் தெரியும். முடிவில்லாமல் காத்திருக்கவும் கூடாது. இங்கே வருவதற்கும் காலவரம்பு உண்டு.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. 2019ஆம் ஆண்டு சட்டப்படி, பிழை நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அதே விஷயம் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் ஒம்பட்ஸ்மேன் அதை எடுக்கமாட்டார். அதனால் செலவில்லாத வழியை முதலில் முடித்துவிட்டு, அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் ஆணையத்துக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. வேறு கணக்கில் பணம் போட்டதற்குக் கவுன்டர்ஃபாயிலும் ஸ்டேட்மென்ட்டும் கையில் இருக்கும்போது, பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது.

இந்தக் கவுன்டர்ஃபாயில் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராப் பாக்ஸில் செக்கைப் போட்டால் ஒப்புகை கிடைக்காது. நீங்கள் கேட்டால் கவுன்டரிலேயே செக்கை வாங்கி ஒப்புகை தர வேண்டும், மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. டிராப் பாக்ஸில் போடலாம் என்று கையைக் காட்டினாலும் ஒப்புகை வேண்டும் என்று நின்று கேளுங்கள். செக் போடும் இயந்திரத்தில் வரும் சீட்டில் செக்கின் படமே இருக்கும். ஆனால் அந்தத் தாளின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துப்போகும். வாங்கியதும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்தச் செக்கானாலும் போடும் முன் இரு பக்கத்தையும் படமெடுத்து, பின்பக்கத்தில் பெயர், கணக்கு எண், கைபேசி எண் மூன்றையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

மறுபக்கம் நிற்பவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கணக்கில் சம்பந்தமில்லாத செக் பணம் வந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். யாராவது போன் செய்து, "என் பணம் உங்க கணக்குல விழுந்துடுச்சு, இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க" என்றால் அனுப்பவே கூடாது. அது ஏமாற்றுக்காரர்களின் வழக்கமான பேச்சு. உண்மையிலேயே பிழை என்றாலும், பணம் திரும்ப வேண்டியது வங்கி வழியாகத்தான்.

உங்கள் பணம் திரும்பி வந்ததும் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். தொகை சரியாக இருந்தாலும் மதிப்பு தேதி பல நேரம் பாஸ்புக்கில் அச்சாகாது. ஸ்டேட்மென்ட் கேட்டால் அதில் தனிப் பத்தியாக இருக்கும். அங்கே ஜூன் 9 என்று இல்லாமல் பணம் போட்ட தேதியே இருந்தால், பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் எழுத வேண்டும். அது இரண்டே வரியில் முடிந்துவிடும். அதற்கும் முத்திரையிட்ட பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.